பந்தயம் கட்டி மடமடவென மது குடிப்பது உயிரைப் பறிப்பது ஏன்?

2025 ஏப்ரலில் கர்நாடகாவின் கோலார் மாவட்டத்தில், ரூ.10,000 பந்தயத்துக்காக 5 பாட்டில் மதுவைத் தண்ணீர் கலக்காமல் குடித்த 21 வயது இளைஞர் உயிரிழந்தார். இதில் அளவு மட்டுமல்ல, வேகமும் ஆபத்துதான்.

ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். மெதுவாகக் குடித்தால், போதை ஏறுவது தெரிந்து நிறுத்த முடியும். மடமடவெனக் குடித்தால், அது தெரிவதற்குள் மொத்தமும் வயிற்றுக்குள் போய்விடும். ஆள் சாய்ந்த பிறகும் ரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே இருக்கும்; மூச்சை இயக்கும் மூளைப் பகுதி மந்தமாகும்.

அதனால் ‘மட்டை ஆயிட்டான், தூங்கட்டும்’ என விட்டுவிடக் கூடாது. தட்டியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது... இதில் ஒன்று தெரிந்தாலும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.