மாடல் எவ்வளவு தப்பாக இருக்கலாம்?

ஐம்பது மில்லிமீட்டர் குழாய் ஒன்றில் நொடிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. ஓரிடத்தில் நீராவியை அதற்குள் நேரடியாகப் பாய்ச்சிச் சூடாக்குகிறார்கள். பத்து மீட்டர் தள்ளி ஒரு வெப்பநிலை சென்சார். அது காட்டும் அளவைப் பார்த்து, நீராவி வால்வைத் திறந்து மூடுவது ஒரு கன்ட்ரோலரின் வேலை. கழுவுவதற்கோ கலப்பதற்கோ வெந்நீர் தேவைப்படும் ஆலைகளில் இத்தகைய அமைப்பு சாதாரணம்.

கன்ட்ரோலரை ட்யூன் செய்யும் பொறியாளர் முதலில் ஒரு சிறிய சோதனை செய்வார். கன்ட்ரோலரை மேனுவலில் வைத்து, வால்வை ஒரு சதவீதம் கூடுதலாகத் திறந்துவிட்டுக் காத்திருப்பார். அந்தக் குழாயில் பத்து மீட்டர் நீளத்துக்குச் சுமார் இருபது லிட்டர் பிடிக்கும். ஆகவே முதல் 20 விநாடி எதுவும் நடக்காது, சூடான தண்ணீர் இன்னும் சென்சாரை வந்து சேரவில்லை. பிறகு அளவு மெல்ல ஏறும், ஏனென்றால் சென்சாரைச் சுற்றியுள்ள உலோக உறையும் சூடாக வேண்டும். மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தை எட்ட மேலும் 30 விநாடி ஆகிறது என்றும், கடைசியில் ஒரு டிகிரி கூடி நிற்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு டிகிரி என்பது கெயின், 20 விநாடி என்பது டெட் டைம், 30 விநாடி என்பது மந்தம். இந்த மூன்று எண்கள்தான் மாடல். கன்ட்ரோலருக்கு அந்த ஆலையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்.

இந்த மூன்றையும் நம்பிப் புழக்கத்தில் உள்ள ஒரு விதிப்படி பிஐ கன்ட்ரோலரை அமைத்தால், ஒவ்வொரு டிகிரி பிழைக்கும் வால்வு 0.75 சதவீதம் நகரும், இன்டக்ரல் நேரம் 30 விநாடி. வளையம் அமைதியாக ஓடும். இப்போது கேட்க வேண்டிய கேள்வி: அந்த எண்கள் எவ்வளவு தப்பாக இருந்தால் வளையம் கெடும்?

இந்த அமைப்பில் கணக்கு அழகாக முடிகிறது. உண்மையான கெயின், மாடலில் எழுதியதைப்போல 3.14 மடங்கு ஆகும்வரை வளையம் தாங்கும். டெட் டைம் மட்டும் மாறினாலும் அதே 3.14 மடங்குதான் எல்லை, அதாவது 20 விநாடி என்று எழுதியது உண்மையில் 62 விநாடியாக இருந்தாலும் அலைந்து அலைந்து ஒருவழியாக அடங்கிவிடும். இருநூறு சதவீதத்துக்கு மேல் பிழை! இதைப் பார்க்கும் எவருக்கும் மாடலைப் பற்றிய கவலை விட்டுப்போகும்.

ஆனால் அந்த 3.14, இரண்டு பிழைகளின் பெருக்கலுக்கான எல்லை. கெயின் 1.8 மடங்கும் டெட் டைம் 1.8 மடங்கும் ஆனால் பெருக்கல் 3.24. வளையம் போயிற்று. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் எல்லைக்குள் வெகு தூரம் உள்ளேதான் இருக்கிறது.

இரண்டும் சேர்ந்து மாறுவது அபூர்வமான தற்செயல் அல்ல. இரவு ஷிஃப்ட்டில் தண்ணீரின் தேவை குறைந்து ஓட்டம் பாதியாகிறது என்று கொள்வோம். தண்ணீர் மெதுவாக நகர்வதால் சென்சாரை அடைய 40 விநாடி. அதே நீராவி பாதித் தண்ணீரைச் சூடாக்குவதால் ஏற்றம் ஒரு டிகிரிக்குப் பதில் இரண்டு. டெட் டைமும் இருமடங்கு, கெயினும் இருமடங்கு, பெருக்கல் நான்கு. உறையின் மந்தம் ஏறத்தாழ மாறவில்லை என்று எடுத்துக்கொண்டால், ஓட்டம் 56 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய உடனே வளையம் எல்லையைத் தாண்டிவிடும். ஒரே காரணம் இரண்டு எண்களையும் ஒரே திசையில் தள்ளுகிறது. மாடலில் எது எவ்வளவு தப்பாகும் என்று பட்டியல் போடுவதைவிட, எவையெல்லாம் சேர்ந்து தப்பாகும் என்று விசாரிப்பது நல்லது.

அப்போது திரையில் என்ன தெரியும்? பாதி ஓட்டத்தில் சுமார் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு அலை. ஒவ்வொரு அலையும் முந்தையதைப்போல ஏறக்குறைய இருமடங்கு உயரம். வால்வு முழுவதும் திறந்து, முழுவதும் மூடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். இது வளையத்தின் கோளாறா, வெளியிலிருந்து வரும் தொல்லையா என்று அறிய எளிய வழி உண்டு: கன்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்ற வேண்டும். அலை அடங்கினால் குற்றவாளி வளையத்துக்குள்தான். அலையின் நீளம் டெட் டைமைப்போல நான்கு மடங்குக்குச் சற்று முன்பின் இருப்பது இன்னொரு தடயம்.

மூன்று எண்களைத் தாண்டியும் ஒரு மாடல் தவறலாம். மாடலில் எழுதவே எழுதாத சங்கதிகள் உண்டு: வால்வின் தாமதம், உலோகத்தின் அதிர்வு, சிக்னல் வடிகட்டி. இவற்றை எண்களாக எழுதாமல், ஒவ்வொரு அலைவேகத்திலும் மாடல் அதிகபட்சம் எத்தனை சதவீதம் தவறலாம் என்று ஒரு வரம்பாக எழுதுவது வழக்கம். ஜார்ஜ் ஸேம்ஸ் 1966-இல் வெளியிட்ட சிறு கெயின் தேற்றம் இதற்கு அடிப்படை. மூடிய வளையம் ஓர் அலையை எந்த அளவுக்குக் கடத்துகிறதோ, அதை மாடல் பிழையின் அளவால் பெருக்கினால் எல்லா வேகங்களிலும் ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தால், அந்த வரம்புக்குள் உண்மையான ஆலை எதுவாக இருந்தாலும் வளையம் நிலைக்கும். வளையம் அக்கறை காட்டாத வேகத்தில் மாடல் படுமோசமாக இருக்கலாம். வளையம் சுறுசுறுப்பாக வேலை செய்யும் வேகத்தில் அந்தச் சலுகை கிடையாது. இந்தச் சோதனை கொஞ்சம் பயந்த சுபாவம் கொண்டது. பிழை மிக மோசமான திசையில் வரும் என்றே வைத்துக் கணக்குப் போடுவதால், நன்றாக ஓடக்கூடிய சில ஆலைகளையும் அது தள்ளிவிடும்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. ஸ்வீடன் பேராசிரியர் கார்ல் ஆஸ்ட்ரோமும் ரிச்சர்ட் முர்ரேயும் தங்கள் பாடநூலில் காட்டும் உதாரணம் இது. முதல் ஆலை 100/(s+1). இரண்டாவதில் அதோடு 0.025 விநாடி மந்தங்கள் இரண்டு கூடுதல். திறந்த நிலையில் சோதித்தால் இரண்டின் வரைபடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோலத் தெரியும். சென்சார் அளவை அப்படியே திருப்பி ஊட்டி வளையத்தை மூடினால் முதலாவது நிலைக்கும், இரண்டாவது வெடித்துப் போகும். மாறாக 100/(s+1), 100/(s-1) என்ற இரண்டில் ஒன்று தானாக அடங்குவது, மற்றது தானாகக் கட்டுமீறி ஓடுவது. வளையம் மூடினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே நடக்கின்றன. வரைபடம் பொருந்துகிறது என்பதை மட்டும் வைத்து மாடலுக்கு மதிப்பெண் போடுவது எவ்வளவு ஆபத்து!

கணித நேர்த்தி இந்த ஆபத்தை நீக்கிவிடும் என்று 1970-களில் பலர் நம்பினார்கள். எல்லா நிலைகளையும் அளக்க முடிந்தால், எல்க்யூஆர் என்ற உகந்த கன்ட்ரோலர் கெயின் பாதியாகக் குறைந்தாலும் எவ்வளவு கூடினாலும் நிலைக்கும் என்பது நிரூபணமாகியிருந்தது. அளக்க முடியாததைக் கால்மன் வடிகட்டியால் மதிப்பிட்டுக்கொள்ளும் எல்க்யூஜி வடிவத்துக்கும் ஏதோ ஓர் உத்தரவாதம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1978-இல் ஜான் டாயில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தலைப்பு, எல்க்யூஜிக்கு உத்தரவாதமான விளிம்புகள் எவை என்பதைப் பற்றியது. சுருக்கவுரை மூன்றே ஆங்கிலச் சொற்கள்: அப்படி எதுவும் இல்லை. இரண்டே நிலைகள் கொண்ட ஒரு ஆலையை எடுத்து, தாங்கும் விளிம்பை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கிக் காட்டினார். மாடல் பிழையையே வடிவமைப்பின் மையத்தில் வைக்கும் ஆராய்ச்சி அதன்பின் வேகம் பிடித்தது.

வெந்நீர்க் குழாய்க்கு இவ்வளவு கணிதம் தேவையில்லை. கன்ட்ரோலர் கெயினைக் கால்பங்காக்கினால் பாதி ஓட்டத்திலும் பழைய விளிம்பு திரும்பக் கிடைக்கும். விலை என்னவென்றால், முழு ஓட்டத்தில் வளையம் நான்கு மடங்கு மந்தமாகும். ஓட்டமானி இருந்தால் கெயினை ஓட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைக்கச் சொல்லலாம், அப்போது இரு பக்கமும் நஷ்டம் குறைவு. சென்சாரை பத்து மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்கு நகர்த்துவது இரண்டையும்விட மலிவு, நீராவி தண்ணீரோடு நன்றாகக் கலக்க அந்தத் தூரம் போதுமானால். ஓட்டம் கிட்டத்தட்ட நின்றுவிட்டால் எந்தக் கன்ட்ரோலரும் உதவாது. அதற்காகத்தான் ஓட்டம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் நீராவி வால்வை மூடிவிடும் இன்டர்லாக்கைத் தனியாக வைக்கிறார்கள்.