கயிற்றின் சுற்றும் ராட்டையின் திறனும்

உராய்வுப் பாடத்தில் நாம் சொல்லும் ஒரு விதி மாணவரை எளிதில் குழப்பும். உராய்வு விசை, தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததல்ல. பரப்பைச் செங்குத்தாக அழுத்தும் விசையையும் பரப்புகளின் தன்மையையும் மட்டுமே சார்ந்தது என்கிறோம். ஆனால் ஒரு கயிற்றைக் கம்பத்தில் ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றினால் பிடி பல மடங்கு கூடுகிறது. "சுற்று கூடினால் தொடும் பரப்புதானே சார் கூடுகிறது? அப்படியானால் விதி தவறா?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள். விதி தவறில்லை. ஆனால் அதை விளக்க, உருளையைச் சுற்றிய கயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான் பணியாற்றும் ஓரிக்கையில், காஞ்சிபுரம் பகுதியின் பிற ஊர்களைப் போலவே, நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படிக்கிறார்கள். ஊடைக்குத் தார் சுற்றும் ராட்டை அவர்களுக்குப் பழகிய பொருள். பெரிய சக்கரத்திலிருந்து சிறிய கதிருக்கு ஒரு கயிறு ஓடும். கதிர் வழுக்காமல் சுழல்வதும், பாரம் கூடினால் வழுக்குவதும் இந்தப் பாடமேதான். எனவே கம்பில் தொடங்கி ராட்டையில் முடிக்கிறேன்.

முதலில் ஒரு கம்பும் இரண்டு பாட்டில்களும்

ஒரு துடைப்பக் கம்பை இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே, உருளாதபடி இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒரு பருத்திக் கயிற்றைப் போட்டு, இரு முனைகளிலும் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தொங்கவிடுங்கள். கயிறு கம்பின் மேற்பாதியைத் தழுவுகிறது. இது அரைச் சுற்று, அதாவது 180 பாகை. ஒரு பாட்டிலின் மொத்த எடை 50 கிராமாக இருக்கட்டும். மறு பாட்டிலில் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றி, கயிறு வழுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி அதை எடை போடுங்கள்.

எங்கள் வகுப்பில் அது 125 கிராமாக இருந்தது. விகிதம் 2.5. இப்போது கயிற்றைக் கூடுதலாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் தழுவல் ஒன்றரைச் சுற்று ஆகும். அடுத்த எடையை ஊகிக்கச் சொன்னேன். பெரும்பாலோர் "மூன்று மடங்கு தழுவல், அதனால் மூன்று மடங்கு எடை, 375 கிராம்" என்றார்கள். ஊற்றிப் பார்த்தபோது 740 கிராம் அளவில்தான் வழுக்கியது. 2.5-ஐ மூன்று முறை பெருக்கினால் 15.6, அதை 50 கிராமால் பெருக்கினால் 780 கிராம். கணக்குக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடு சிறியது. ஒவ்வொரு அரைச் சுற்றும் பிடியைக் கூட்டவில்லை, பெருக்குகிறது என்பதை மாணவர்கள் இங்கே தாங்களே கண்டுவிடுகிறார்கள்.

சோதனை பொய்க்க இரண்டு காரணங்கள் உண்டு. சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கயிறு கயிற்றையே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எடை மிக அதிகமாகக் காட்டும். பாட்டில் ஆடினாலோ கம்பு அதிர்ந்தாலோ முன்கூட்டியே வழுக்கிவிடும். அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் முதலில் இவற்றைப் பாருங்கள்.

ஏன் பெருகுகிறது?

கம்பைத் தழுவிய கயிற்றை 10 பாகைத் துண்டுகளாக மனத்தில் பிரித்துக்கொள்வோம். அரைச் சுற்றில் 18 துண்டுகள். ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் அண்டைத் துண்டுகள் இழுக்கின்றன. இந்த இரு இழுப்புகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. 10 பாகை திரும்பியிருக்கின்றன. அதனால் அவை சேர்ந்து துண்டைக் கம்பின் மையம் நோக்கி அழுத்துகின்றன. ஒரு விசை வரைபடம் வரைந்தால், இந்த அழுத்தம் அந்த இடத்து இழுவிசையில் சுமார் 0.174 பங்கு என்று கிடைக்கும். 10 பாகையை ரேடியனில் எழுதினாலும் இதே எண்தான்.

அழுத்தத்தை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் அந்தத் துண்டு தரக்கூடிய பெரும உராய்வு கிடைக்கும். எங்கள் கயிற்றுக்கும் கம்புக்கும் குணகம் 0.29 என்று கொண்டால், 0.174 × 0.29 = 0.05. அதாவது ஒவ்வொரு துண்டைத் தாண்டும்போதும் இழுவிசை நூற்றுக்கு 5 வீதம் உயர முடியும். எந்த இழுவிசையின் மீது 5 வீதம்? அந்தத் துண்டில் ஏற்கெனவே இருக்கும் இழுவிசையின் மீது. இது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிந்த கூட்டு வட்டிதான்: 5 வீதம், 18 தவணை. 1.05-ஐ 18 முறை பெருக்கினால் 2.4. துண்டுகளை மேலும் மேலும் சிறிதாக்கினால் இது 2.5-ஐ எட்டும்.

மாணவியின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் உராய்வு, செங்குத்து விசையை மட்டுமே சார்ந்திருக்கிறது; விதி மீறப்படவில்லை. கூடுதல் சுற்று கொண்டுவருவது கூடுதல் பரப்பை அல்ல, கூடுதல் திருப்பத்தை. திருப்பம்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. இதனால்தான் கம்பின் பருமன் விடையில் வருவதில்லை. பருத்த கம்பில் கயிறு நீளமாகத் தொடுகிறது. ஆனால் ஒவ்வொரு சென்டிமீட்டரும் குறைவாக அழுத்துகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். இதையும் அதே மரத்தில் மெல்லிய கம்பு, பருத்த கம்பு வைத்துச் சோதிக்கலாம்.

மேல்நிலை மாணவர்களுக்கு இதைச் சூத்திரமாகத் தரலாம்:

T₁ / T₂ = e^(μθ)

T₁ இறுகிய பக்க இழுவிசை, T₂ தளர்ந்த பக்க இழுவிசை, μ உராய்வுக் குணகம், θ தழுவு கோணம். கோணம் ரேடியனில் இருக்க வேண்டும். இது வழுக்கத் தொடங்கும் எல்லைக்கு உரியது. வழுக்காத நிலையில் விகிதம் இதற்குக் குறைவாகவே இருக்கும். இச்சமன்பாடு ஆய்லர், ஐடெல்வைன் ஆகிய இருவர் பெயரால் வழங்கப்படுகிறது.

இனி ராட்டை

கம்பு அசையவில்லை, ராட்டையில் உருளையும் கயிறும் சேர்ந்தே ஓடுகின்றன. கதிரின் விளிம்பை ஒரு பக்கக் கயிறு T₁ விசையால் முன்னோக்கி இழுக்கிறது. மறு பக்கக் கயிறு T₂ விசையால் பின்னோக்கி இழுக்கிறது. கதிரைச் சுழற்றுவது இவற்றின் வித்தியாசம் மட்டுமே. ஆகவே கடத்தப்படும் திறன்:

P = (T₁ − T₂) × v

v என்பது கயிறு ஓடும் வேகம்.

ஒரு ராட்டையை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தின் விட்டம் 60 செ.மீ., கதிரில் கயிறு ஓடும் இடத்தின் விட்டம் 2 செ.மீ., இரு மையங்களுக்கும் இடைவெளி 90 செ.மீ. சக்கரத்தை நொடிக்கு ஒரு முறை சுற்றினால் கயிற்றின் வேகம் 3.14 × 0.6, அதாவது நொடிக்குச் சுமார் 1.9 மீட்டர்.

பத்தில் ஒரு பங்கு அளவில் படம் வரைந்து, கயிறு தழுவும் கோணத்தைக் கோணமானியால் அளக்கச் சொல்லுங்கள். கதிரில் 142 பாகையும் சக்கரத்தில் 218 பாகையும் கிடைக்கும். உராய்வுக் குணகம் இரு இடத்திலும் ஒன்றாக இருந்தால், முதலில் வழுக்குவது குறைவாகத் தழுவிய கதிர்தான். எனவே கணக்கை எப்போதும் சிறிய உருளைக்கே போட வேண்டும்.

142 பாகை என்பது 2.48 ரேடியன். குணகம் 0.29 எனில் விகிதம் 2.06. நிற்கும்போது கயிற்றின் ஒவ்வொரு பக்கமும் 10 நியூட்டன் இறுக்கத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமம். சுழலும்போது ஒரு பக்கம் இறுகும் அளவுக்கு மறு பக்கம் தளர்கிறது. அதனால் இரண்டின் கூட்டுத்தொகை 20 நியூட்டனாகவே இருக்கும் எனலாம். 20-ஐ 3.06-ஆல் வகுத்தால் T₂ = 6.5, T₁ = 13.5. வித்தியாசம் சுமார் 7 நியூட்டன். திறன் சுமார் 13 வாட். இந்த ராட்டை வழுக்காமல் கடத்தக்கூடிய எல்லை இதுவே. கை எவ்வளவு வேகமாக முயன்றாலும், கதிரின் பாரம் 7 நியூட்டனுக்கு மேல் கேட்டால் கயிறு வழுக்கும்.

எல்லையை உயர்த்த வழி என்ன? கயிற்றை இன்னும் இறுக்கலாம். இறுக்கத்தை இரட்டிப்பாக்கினால் திறனும் இரட்டிக்கும். ஆனால் கதிரைத் தாங்கும் இடத்தில் பாரமும் இரட்டித்து, அது தேயும், சுற்றக் கனக்கும். இன்னொரு வழி, கயிற்றை நடுவில் குறுக்கே மாற்றி எட்டு வடிவில் போடுவது. அப்போது கதிரில் தழுவு கோணம் 220 பாகை, அதாவது 3.84 ரேடியன். விகிதம் 3.05 ஆகும்; T₂ = 4.9, T₁ = 15.1, வித்தியாசம் சுமார் 10 நியூட்டன், திறன் 19 வாட். இறுக்கத்தைக் கூட்டாமலே ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதற்குக் கொடுக்கும் விலை: கதிர் எதிர்த்திசையில் சுழலும், குறுக்கிடும் இடத்தில் கயிறு ஒன்றோடொன்று உரசித் தேயும்.

வழுக்குவதை எப்படி அறிவது?

கதிரில் ஒரு வண்ண நூலைக் கட்டி, சக்கரத்தை மெல்ல ஒரு சுற்று சுற்றி, கதிர் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். 60-ஐ 2-ஆல் வகுத்து 30 என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே. கயிற்றின் தடிமனும் சேர்வதால் கதிரின் விட்டம் கணக்கில் சற்றுப் பெரிதாகிறது, 3 மி.மீ. கயிறு என்றால் எண்ணிக்கை 27-க்குக் கீழே இறங்கிவிடும். இது வழுக்கல் அல்ல. அதனால் பாரமின்றி ஒரு முறையும், கதிரை விரலால் லேசாகத் தடுத்து ஒரு முறையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தால் அதுவே வழுக்கல்.

வழுக்கலுக்கு எண்ணெய் ஒரு முக்கியக் காரணம். கதிர் தாங்கிக்கு விட்ட எண்ணெய் கயிற்றில் கசிந்து குணகம் பாதியாக, அதாவது 0.15 ஆகக் குறைந்தால், நேராகப் போட்ட கயிற்றில் விகிதம் 1.45, திறன் 7 வாட். இறுக்கம் மாறவே இல்லை, ஆனால் திறன் பாதியாகிவிட்டது. அப்போது கயிற்றை இறுக்குவது நோய்க்கு மருந்தல்ல. எண்ணெயைத் துடைப்பதோ கயிற்றை மாற்றுவதோதான் வழி.

இந்தக் கணக்கு கதிரின் சமமான, வழவழப்பான பரப்புக்கு உரியது. கதிரில் ஆப்பு வடிவப் பள்ளம் இருந்தால், கயிறு அதன் இரு சுவர்களிலும் நெருக்கப்பட்டு, குணகம் கூடியது போல் நடந்துகொள்ளும். மாவு மில் மோட்டார்களில் வி-பெல்ட் போடுவது இதற்காகத்தான். ஆகவே வீட்டு ராட்டையை அளந்து வரும் மாணவர் தன் விடை நம்முடையதிலிருந்து வேறுபடுகிறது என்றால், அவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கயிறு ஓடும் இடத்தில் பள்ளம் இருக்கிறதா, அதன் வடிவம் என்ன?