காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள்

டம்ளரில் கால்வாசி காபிதான் மிச்சம் இருந்தது. கை பட்டு அத்தனையும் லேப்டாப் கீபோர்டில் கொட்டியது. நான் முதலில் செய்தது, துணி எடுக்க அடுப்படிக்கு ஓடியது. துடைத்தேன், ஃபேனுக்கு அடியில் வைத்தேன், சாயங்காலம் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது! ஐந்தாம் நாள் சார்ஜ் ஏறவில்லை. ஏழாம் நாள் உயிரே இல்லை.

பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றி மதர்போர்டைக் காட்டினார். ஓரிடத்தில் செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. “தண்ணி கெடுக்கல சார், கரண்ட்தான் கெடுத்திருக்கு” என்றார்.

ஈரத்துக்குள் மின்சாரம் பாய்ந்தால் போர்டில் இருக்கும் மெல்லிய உலோகத் தடங்கள் அரிபடத் தொடங்கும். காபியில் இருக்கும் பாலும் சர்க்கரையும் நீர் வற்றிய பிறகும் பிசுக்காகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மெஷினை அணைத்தாலும் உள்ளிருக்கும் பேட்டரி சில பகுதிகளுக்கு மின்சாரம் தந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் சில நாள் நன்றாக ஓடிவிட்டுச் சாகிறது.

ஆகவே துணியைத் தேடாதீர்கள். சுவரில் ஸ்விட்சை அணைத்துச் சார்ஜரைப் பிடுங்குங்கள். எழுதியதைச் சேமிக்கக்கூட நிற்காமல், பவர் பட்டனைத் திரை அணையும்வரை சுமார் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். யுஎஸ்பியில் செருகியதை எல்லாம் உருவுங்கள். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் கழற்றுங்கள். பிறகு மூடியை விரித்து, கீபோர்டு தரையைப் பார்க்க, கூடாரம்போல் கவிழ்த்து வையுங்கள். உலுக்கினால் ஈரம் இன்னும் உள்ளே போகும். ஹேர் டிரையரின் சூடு பிளாஸ்டிக்கை நெளிக்கும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் மாவும் தூசியும்தான் மிச்சம். பேட்டரி உப்பினாலோ, சூடேறினாலோ தொடாமல் விலகுங்கள்.

வெறும் தண்ணீரானாலும், “வேலை செய்கிறதா” என்று போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். அவர்கள் முதலில் பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் தொட்டுப் போர்டைக் கழுவ வேண்டும். வெறுமனே உலர்த்தித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். அன்றே போனால் பெரும்பாலும் கழுவுவதோடும் கீபோர்டு மாற்றுவதோடும் முடியும். தாமதித்தால், என் கதைபோல, போர்டையே மாற்ற வேண்டிவரும்.

சாதாரண வாரண்டியில் கொட்டிய திரவத்துக்கு இடமில்லை. தற்செயல் சேதத்துக்கான தனித் திட்டம் வாங்கியிருந்தால் உண்டு. பில்லை எடுத்துப் பாருங்கள். பல மாடல்களில் உள்ளே, ஈரம் பட்டால் சிவப்பாகும் வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். எதுவும் கொட்டாத மெஷினைப் பார்த்து “தண்ணீர் பட்டிருக்கிறது” என்று வாரண்டியை மறுத்தால், அந்த ஸ்டிக்கரின் படத்தையும், எழுத்தில் மறுப்பின் காரணத்தையும் கேளுங்கள். தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம்.