ஒரே பேண்ட், வெவ்வேறு வேலை

1986-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பக்கத்தில், பாம் எண்டர்பி என்ற பேச்சுப் பயிற்சி நிபுணர் தம்மை வேலைக்கு வைத்திருந்த சுகாதார ஆணையத்தின் மேல் வழக்குப் போட்டார். அவருடைய ஆண்டுச் சம்பளம் 10,106 பவுண்டு. அதே ஆணையத்தில் ஏறக்குறைய அதே நிலையில் இருந்த உளவியலாளருக்கு 12,527, மருந்தாளருக்கு 14,106. பேச்சுப் பயிற்சித் துறையில் பெரும்பாலும் பெண்கள். மற்ற இரண்டு துறைகளின் மேல்பதவிகளில் பெரும்பாலும் ஆண்கள். ஒவ்வொரு துறையும் தனித்தனியாகச் சம்பளம் பேசி முடித்துக்கொண்டது, அதனால்தான் வித்தியாசம் என்றது நிர்வாகம். அந்தக் காரணம் மட்டும் போதாது என்று 1993-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது.

பேச்சுப் பயிற்சியையும் மருந்து வழங்குவதையும் எதை வைத்து ஒப்பிடுவது? பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ். 2004-இல் கொண்டுவந்த பணி மதிப்பீட்டு முறை இந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே போன நர்ஸுகள் வீட்டுக்குப் பேசும்போது "பேண்ட் அஞ்சுல இருக்கேன்" என்கிறார்களே, அந்த பேண்ட் இதிலிருந்து வருவதுதான். டாக்டர்களும் பல் மருத்துவர்களும் மிக மூத்த நிர்வாகிகளும் இதற்குள் வரமாட்டார்கள். மற்றபடி துப்புரவுப் பணியாளர் முதல் துறைத் தலைவர் வரை எல்லோருடைய வேலையும் 16 காரணிகளில் அளக்கப்படுகிறது. அறிவும் பயிற்சியும், பேச்சுத் திறன், முடிவெடுக்கும் திறன், நோயாளி பராமரிப்புப் பொறுப்பு, பணப் பொறுப்பு, உடல் உழைப்பு, மனவேதனை தரும் சூழல் என்று அவை நீளும். ஒவ்வொரு காரணியிலும் சில நிலைகள், ஒவ்வொரு நிலைக்கும் புள்ளி. மொத்தம் 326 முதல் 395 வரை வந்தால் பேண்ட் 5. 396 முதல் 465 வரை பேண்ட் 6. அளக்கப்படுவது வேலை மட்டுமே. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முனைவர் பட்டம் பெற்றவரா, கெட்டிக்காரரா என்பதற்கு இங்கே இடமில்லை.

இரண்டு துறைகளின் பதவிகளை ஒப்பிடுகிறவர் மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் பணி விவரம். இரண்டாவது, என்ன படிப்பு, அனுபவம், திறன் வேண்டும் என்று சொல்லும் தகுதிக் குறிப்பு. மூன்றாவது, நிர்வாகமும் தொழிற்சங்கமும் சேர்ந்து உட்கார்ந்த குழு எழுதிய மதிப்பீட்டு அறிக்கை. ஒவ்வொரு காரணிக்கும் எந்த நிலை, ஏன் என்று அதில்தான் இருக்கும். படிப்பும் திறனும் இரண்டாவது தாளிலிருந்து, பேண்டும் நிலைகளும் மூன்றாவதிலிருந்து. பதவிப் பெயரைப் பார்த்து எதையும் நிரப்பக் கூடாது. 'அதிகாரி', 'மேலாளர்' என்ற பெயர்களைத் துறைகள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கின்றன.

எடுத்துக்காட்டாக இரண்டு வேலைகளைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்று வார்டு நர்ஸ், மற்றது நிதித் துறையில் கணக்குகளை அலசும் பகுப்பாய்வாளர். அறிவும் பயிற்சியும் என்ற காரணியில் இருவருக்கும் 5-ஆம் நிலை, அதாவது பட்டப்படிப்பு அளவிலான அறிவு, 120 புள்ளி. மற்ற காரணிகளையும் கூட்டினால் நர்ஸுக்கு 370, பகுப்பாய்வாளருக்கு 332. இரண்டும் பேண்ட் 5.

பேண்ட் மட்டும் எழுதிவிட்டு 'சமம்' என்று கோப்பை மூடினால் பாதி செய்தி போய்விடும். கைத்திறன், உடல் உழைப்பு, மனவேதனை, பணிச்சூழல் ஆகிய நான்கிலும் சேர்த்து நர்ஸுக்கு 75 புள்ளி, பகுப்பாய்வாளருக்கு 26. நோயாளி பராமரிப்பில் நர்ஸுக்கு 30, இவருக்கு 4. திட்டமிடல், பணப் பொறுப்பு, தகவல் பொறுப்பு மூன்றிலும் தலைகீழ்: நர்ஸுக்கு 31, பகுப்பாய்வாளருக்கு 72. ஒருவர் இன்னொருவரின் இடத்துக்கு மாற முடியுமா என்று கேட்கிற மேலாளருக்கு இந்தப் பிரிவு எண்கள்தான் வேண்டும். சம்பளம் சரியா என்று கேட்பவருக்கு மொத்தம் வேண்டும். எந்தக் கேள்விக்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுத்த அட்டவணை யாருக்கும் உதவாது.

தவறு பெரும்பாலும் தகுதிக் குறிப்பில் நடக்கிறது. அதில் 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்று இரண்டு பத்திகள் இருக்கும். நம் பகுப்பாய்வாளர் பதவிக்குப் பட்டம் அவசியம், முதுகலை விரும்பத்தக்கது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பவர் அவசரத்தில் முதுகலையை அவசியம் என்று பதிந்து, அதற்குரிய 7-ஆம் நிலையைப் போட்டுவிட்டால் 120 இருந்த இடத்தில் 196 வரும். 332 என்பது 408 ஆகும். ஒரே கட்டம் தவறியதில் ஒரு பேண்ட் ஏறிவிட்டது! 'பட்டம் அல்லது அதற்கு இணையான அனுபவம்' என்ற வரியில் பின்பாதியை வெட்டிவிடுவதும் இதே ரகம். அனுபவத்தால் வந்தவர்கள் காகிதத்தில் தகுதியற்றவர்களாகி விடுவார்கள். அதனால் சுருக்கி எழுதாமல் வாக்கியத்தை அப்படியே எடுத்து, பக்க எண்ணையும் பக்கத்தில் குறிப்பது நல்லது.

சான்றிதழின் பெயரை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். பிரிட்டனில் புதிதாக நர்ஸிங் படிக்க வருவோர் எல்லோருக்கும் பட்டப்படிப்புதான் என்று ஆனது 2013-இல். அதற்கு முன் டிப்ளமாவோடு வந்த நர்ஸுகள் ஏராளம். டிப்ளமாவுக்குரிய 4-ஆம் நிலைக்கு 88 புள்ளிதான். ஆனால் பதிவு பெற்ற நர்ஸின் வேலைக்கு 5-ஆம் நிலையே தரப்பட்டது; வேலை கேட்கும் அறிவுதான் கணக்கு, படிப்பு அதற்கு ஒரு சாட்சி. இதற்கு மறுபக்கமும் உண்டு. சில துறைகள் பேண்டை உயர்த்தும் ஆசையில், வேலையில் எங்கும் பயன்படாத முதுகலைப் பட்டத்தை அவசியம் என்று எழுதிவைக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, அந்த அறிவு தேவைப்படும் கடமை பணி விவரத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுவது. இல்லையென்றால் அது வெறும் அலங்காரம்.

தேதியைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. மதிப்பீடு முடிந்து பல ஆண்டுகள் கழித்துப் பணி விவரத்தில் புதிய பொறுப்புகள் ஏறியிருக்கலாம். பேண்ட் மட்டும் பழையதாகவே நிற்கும். பணி விவரத்தின் தேதி மதிப்பீட்டு அறிக்கையின் தேதிக்குப் பிந்தியதாக இருந்தால், மறுமதிப்பீடு ஆகும்வரை அந்தப் பதவியை ஒப்பீட்டில் தனியே நிறுத்திவைக்க வேண்டும். திறன்களிலும் கவனம் வேண்டும். 'சிறந்த பேச்சுத் திறன்' என்று எல்லாத் துறைகளும் எழுதுகின்றன. பட்ஜெட்டை விளக்குவதும், மகன் பிழைக்க மாட்டான் என்று ஒரு தாயிடம் சொல்வதும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகிவிடும். அறிக்கையில் உள்ள நிலை எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

இந்த அளவுகோலும் மனிதர்கள் செய்ததுதான். அறிவுக்கு உச்சமாக 240 புள்ளி வைத்தவர்கள், மனவேதனைக்கு வைத்தது 25. ஏன் இப்படி என்று வாதாடலாம். இந்த விகிதம் நர்ஸுகளுக்குச் சாதகமாக இல்லை என்பது என் எண்ணம். ஆனால் எல்லாத் துறைகளுக்கும் ஒரே அளவுகோல் என்பதால், வாதாடுவதற்காவது ஒரு பொது இடம் கிடைத்திருக்கிறது. எண்டர்பி வழக்குப் போட்டபோது அது இல்லை.

என்.எச்.எஸ்.-இல் வேலை பார்க்கும் உங்கள் உறவினர் யாருக்காவது பேண்ட் தவறு என்று தோன்றினால், முதலில் மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கி, 16 காரணிகளையும் பணி விவரத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிவு கைக்கு வந்த 3 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும்.