"பணம் போயிடுச்சு, கடைக்காரருக்கு வரலை"

யுபிஐயில் பணம் செலுத்தியவரின் கணக்கில் தொகை கழிந்துவிட்டது, கடைக்காரருக்கோ வரவில்லை. பதறிப்போய் வங்கியின் கேள்வி-பதில் பக்கத்தைத் திறந்தால் 'கணக்கு', 'பரிவர்த்தனை', 'சேவைகள்' என்ற தலைப்புகள். இவை வங்கியின் துறைப் பிரிவுகள். தன் கவலை எதற்குள் இருக்கிறது என்று தெரியாதவர் உதவி எண்ணைத்தான் அழைப்பார்.

ஒரு வாரத்து அழைப்புகளில் வாடிக்கையாளர் சொன்ன முதல் வாக்கியத்தை அப்படியே எழுதிவைப்பதுதான் தொடக்கம். 'பரிவர்த்தனை தோல்வி' என்று யாரும் சொல்வதில்லை. "பணம் போயிடுச்சு, கடைக்காரருக்கு வரலை" என்பார்கள். அதுவே தலைப்பாகட்டும்.

பதிலின் முதல் வரி பயத்தைத் தணிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, இப்படிக் கடையில் சிக்கிய பணம் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 'விரைவில் வரும்' என்று எழுதினால் அவர் மறுநாளே அழைப்பார். 'திங்கள் செலுத்தினால் சனிக்குள்' என்றால் காத்திருப்பார். சனி தாண்டினால் எந்த எண்ணுடன் புகார் செய்வது என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

"தப்பான ஆளுக்கு அனுப்பிட்டேன்" என்பது வேறு கவலை. அந்தப் பணம் தானாகத் திரும்பாது. இரண்டையும் ஒரே தலைப்பில் அடைத்தால், உடனே புகார் செய்ய வேண்டியவர் வீணாகக் காத்திருப்பார்.

பதிலைப் படித்த பிறகும் அழைப்பவர்களிடம் எந்த வரியில் குழம்பினார்கள் என்று கேட்க வேண்டும். திருத்த வேண்டிய வரி அதுதான்.