முயன்றவர் செய்வது முயற்சி

எங்கள் தெருமுனையில் ஒரு தையல் வகுப்பின் பலகை இருக்கிறது. அதில் ‘பயிற்ச்சி’ என்று எழுதியிருக்கிறார்கள். நாலு கடை தள்ளிக் கட்டியிருந்த கல்யாண வாழ்த்துப் பேனரில் ‘மகிள்ச்சி’. எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ழகரமும் ளகரமும் ஒரே ஒலியாகிவிட்ட ஊரில் வளர்ந்தவரிடம், ரகரத்தையும் றகரத்தையும் ஒரே மாதிரி சொல்லிப் பழகியவரிடம், ‘காதால் கேட்டு எழுது’ என்பதில் என்ன பயன்? காது கைவிடும் இடத்தில் வேறொரு சாட்சி உண்டு. அது அதே சொல்லின் இறந்தகாலம்.

‘சி’ என்று முடியும் தொழிற்பெயர்களை எடுத்துக்கொள்வோம். பிழை அதிகம் மலியும் இடம் அதுதான். வளர்ச்சி, மகிழ்ச்சி, முயற்சி, புரட்சி. நான்கும் வினையிலிருந்து பிறந்தவை. வளர், மகிழ், முயல், புரள் என்பவை அந்த வினைகள். நம்மைக் குழப்பும் எழுத்துகள் இவற்றின் கடைசியில்தான் நிற்கின்றன.

இப்போது ஒவ்வொன்றையும் நேற்று நடந்ததாகச் சொல்லிப் பாருங்கள். வளர்ந்தான், மகிழ்ந்தான். இரண்டிலும் ‘ந்த’ வருகிறது. முயல் என்பது முயன்றான் ஆகிறது, ‘ன்ற’ வருகிறது. புரள் என்பது புரண்டான், அதில் ‘ண்ட’. பேச்சில் ழகரத்தைத் தொலைத்தவர்கூட ‘மகிண்டான்’ என்று ஒருபோதும் சொல்வதில்லை. மகிழ்ச்சியில் ளகரம் இல்லை என்பதற்கு அதுவே போதும். நாக்கு மறந்ததை இலக்கணம் மறக்கவில்லை.

ஆக, ‘ன்ற’ வந்தால் வேர் லகரத்தில் முடிகிறது, பெயரில் அது ‘ற்சி’ ஆகும். பயின்றான், பயிற்சி. சுழன்றது, சுழற்சி. ‘ண்ட’ வந்தால் வேர் ளகரம், பெயரில் ‘ட்சி’. ஆண்டான், ஆட்சி. மீண்டான், மீட்சி. நீண்டது, நீட்சி. ‘ந்த’ வந்தால் ரகரமோ ழகரமோ மாறாமல் அப்படியே நிற்கும். உணர்ந்தான், உணர்ச்சி. வீழ்ந்தான், வீழ்ச்சி. ‘முயர்ச்சி’ என்று எழுதுபவர் ‘முயர்ந்தான்’ என்று சொல்லிப் பார்த்தால் அப்படி ஒரு சொல்லே இல்லை என்று தெரிந்துவிடும்.

ஏன் இப்படி? லகரமும் றகரமும் நாக்கு நுனி மேல்பல்லின் பின்புறத்தை ஒட்டிய இடத்தில் பிறப்பவை. ளகரமும் டகரமும் நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும் இடத்தில் பிறப்பவை. வல்லினம் எதிரே வரும்போது அந்த மெல்லிய ஒலி தன் இடத்திலேயே இருக்கும் வல்லொலியாக மாறிக்கொள்கிறது. பல் பற்பொடியில் ‘பற்’ ஆவதும், முள் முட்புதரில் ‘முட்’ ஆவதும் இதனால்தான். ரகரமும் ழகரமும் அப்படி மாறுவதில்லை. தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைச் சொல்லும்போது இவ்விரண்டையும் ஒன்றாகவே வைக்கிறது: நாக்கு நுனி மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை என்று. வளர்ச்சியும் மகிழ்ச்சியும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதற்குக் காரணம் அந்த உறவு.

இனி அந்தத் தையல் பலகை. ‘பயிற்ச்சி’யில் றகரம் சரி, கூடுதலாக வந்த ‘ச்’தான் பிழை. ற், ட் இரண்டும் வல்லின மெய்கள். அவற்றை அடுத்து இன்னொரு மெய் நிற்காது, அதனால் பயிற்சி, ஆட்சி என்று ஒற்றைச் சகரமே வரும். ர், ழ் ஆகியவற்றின் பின் மெய் நிற்கலாம், அதனால்தான் வளர்ச்சி, வாழ்க்கை.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ‘வறட்சி’. ‘வரட்சி’ என்று செய்தித்தாள்களிலேயே பார்த்திருக்கிறேன். நிலம் வறண்டது, ஆகவே வேர் ளகரம், பெயரில் ‘ட்சி’. அது சரி, முன்னால் இருப்பது ரவா, றவா? இறந்தகாலம் அதைச் சொல்லாது. உறவுச் சொல்லைத் தேட வேண்டும். குளம் வற்றியது என்கிறோம். தமிழ்ச் சொற்களில் றகரம் இரட்டிக்கும், ரகரம் இரட்டிக்காது. ‘வற்று’ என்ற உறவு இருக்கும்போது வறட்சியில் றகரம்தான். கயிறு கயிற்றில் என்றும், கிணறு கிணற்றில் என்றும் ஆவதை வைத்து அவற்றின் றகரத்தையும் இப்படியே உறுதி செய்யலாம். தெரு, தெருவில் என்றே நிற்கும்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி உறவு கிடைக்காது. மழைக்கும் தோளுக்கும் இறந்தகாலம் ஏது? பவளம், பவழம் என்று இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளவையும் உண்டு. அங்கே அகராதியைத்தான் திறக்க வேண்டும். ‘சி’யில் முடியும் பெயர்களிலும் எல்லாம் இந்தக் குடும்பம் அல்ல. சாட்சி வடமொழியிலிருந்து வந்தது. அதற்குள் தமிழ் வினையைத் தேடினால் கிடைக்காது. காட்சியின் வேர் காண், அதாவது ணகரமும் டகரமாக மாறும். ஆகவே ‘ட்சி’யைப் பார்த்ததும் ளகரம் என்று முடிவு கட்டாமல், கண்டானா ஆண்டானா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிடுங்கள்.