பார்வை நேரம் உங்களுக்கு, பணம் பாட்டுக்காரருக்கு

ஊர்த் திருவிழாவை இருபது நிமிட வீடியோவாகப் போடுகிறார் ஒரு யூடியூப் சேனல்காரர். சேனலுக்கு விளம்பர வருமானம் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. ஒரே வாரத்தில் அறுநூறு மணி நேரம் பார்த்திருக்கிறார்கள். அனலிடிக்ஸில் அந்த வீடியோவுக்கு நேரே வருமானம் பூஜ்யம். விளம்பரம் ஓடியதைத் தன் கண்ணாலேயே பார்த்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

பார்வை நேரத்தின் கணக்கு வேறு, வருமானத்தின் கணக்கு வேறு. யார் எவ்வளவு நேரம் பார்த்தாலும் முதல் கணக்கில் ஏறிவிடும். அந்த விளம்பரக் காசு யாருக்குச் சேரவேண்டும் என்பதை இரண்டாவது கணக்குதான் சொல்கிறது. வீடியோ போட்டு இரண்டு நாள்தான் ஆகிறது என்றால் பொறுத்துப் பாருங்கள். வருமானக் கணக்கு தாமதமாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்தும் பூஜ்யம் என்றால் காரணத்தைத் தேடவேண்டும்.

நம் திருவிழா வீடியோவில் காரணம் ஒலிபெருக்கி. சாமி புறப்பாட்டின்போது பின்னால் ஒரு சினிமாப் பாட்டு ஓடியிருக்கிறது. இசை நிறுவனங்கள் தங்கள் பாடல்களை யூடியூபின் கன்டென்ட் ஐடி அமைப்பில் பதிந்து வைத்திருக்கின்றன. ஏற்றப்படும் வீடியோக்களை அது தானாகவே ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் வீடியோவைத் தடுப்பதா, பார்வைகளைக் கவனிப்பதா, விளம்பரக் காசை எடுத்துக்கொள்வதா என்பது உரிமையாளர் இஷ்டம். பெரும்பாலும் காசைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பாட்டு சில நொடிதானே என்ற வாதம் எடுபடாது. உரிமைகோரல் வீடியோ முழுவதன் வருமானத்தையும் பிடித்துக்கொள்ளும். இது கொஞ்சம் அநியாயம்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டுடியோவில் Content பக்கத்துக்குப் போய் Restrictions என்ற பத்தியில் Copyright என்று இருக்கிறதா பாருங்கள். உள்ளே போனால் எந்தப் பாட்டு, எந்த நிமிடம், யார் கோரியது என்று எல்லாம் இருக்கும். முதல் சில நாள் காசு வந்து பிறகு நின்றிருந்தால், கோரல் பின்னால் வந்திருக்கலாம்.

பேச்சு தேவைப்படாத இடமென்றால் அந்தத் துண்டை வெட்டிவிடலாம். பாட்டை மட்டும் நீக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது. கோரல் விலகியதும் அதன்பின் வரும் வருமானம் உங்களுடையது. ஏற்கெனவே போனது திரும்பாது.

உரிமம் வாங்கிய பாட்டு என்றால் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதற்கு ஐந்து நாள் கணக்கு முக்கியம். கோரல் வந்த ஐந்து நாளுக்குள் ஆட்சேபித்தால், முதல் நாளிலிருந்தே வருமானத்தை யூடியூப் தனியே நிறுத்திவைத்து, வழக்கில் வென்றவருக்குக் கொடுக்கும். பத்தாம் நாள் ஆட்சேபித்தால் அன்றிலிருந்துதான் நிறுத்திவைக்கும். பதில் சொல்லக் கோரியவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு.

‘நன்றி: இசை நிறுவனம்’ என்று போட்டிருக்கிறேன் என்பதை மட்டும் நம்பி ஆட்சேபிக்காதீர்கள். அது உரிமம் ஆகாது. ஆட்சேபம் தள்ளுபடியாகி, மேல்முறையீடும் தோற்றால் வீடியோ நீக்கப்பட்டு, சேனலுக்கே ‘ஸ்ட்ரைக்’ விழக்கூடும்.